கோடியும் மில்லியனும் ஒரே வரியில்

ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கலையரங்கம் கட்ட வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5,000 சதுர அடி. சதுர அடிக்கு 2,750 ரூபாய் ஆகும் என்று பொறியாளர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். மொத்தம் 1,37,50,000 ரூபாய். கூடப் படித்தவர்கள் மதுரையிலும் இருக்கிறார்கள், சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் சூரிக்கிலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் போகப் போகிறது. மதுரையில் பிறந்தவருக்குக் கோடி புரியும், சரி. ஆனால் அந்தக் கடிதம் அவரோடு நின்றுவிடாது. அவருடைய மகளிடம் போகும், அலுவலகத்தில் நன்கொடைக்கு ஒப்புதல் தருபவரிடம் போகும், கணக்குத் தணிக்கையாளரிடமும் போகும். அவர்கள் யாரும் கோடியில் எண்ணிப் பழகாதவர்கள்.

அவர்கள் கண்ணுக்கு 1,37,50,000 என்பது எப்படித் தெரியும்? அவர்களுக்குக் காற்புள்ளி வலமிருந்து மூன்று மூன்று இலக்கத்துக்கு ஒன்று வர வேண்டும். நாம் முதலில் மூன்று இலக்கம் விட்டு, பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம். ஆகவே நடுவில் நிற்கும் 37-ஐயும் 50-ஐயும் பார்த்ததும் எங்கோ ஓர் இலக்கம் விட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். சிலர் தாங்களே ‘திருத்தி’ 1,375,000 என்று எழுதிக்கொள்வார்கள். அதாவது 13 லட்சத்து 75 ஆயிரம். தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

லட்சம், கோடி, மில்லியன் கலக்கும் இடத்தில் அடிக்கடி நேரும் பிழை இந்தப் பத்து மடங்குப் பிழைதான். நூறு மடங்கு தப்பினால் யாராவது உடனே கேட்டுவிடுவார்கள். பத்து மடங்கு தப்பினால் தொகை இன்னும் நம்பும்படியாகவே இருக்கும், அதனால் கண்ணில் படாமல் போய்விடும். அதைப் பிடிக்க எளிய வழி, மொத்தத்தோடு ஓர் அலகு விலையையும் சேர்த்து எழுதுவது. மொத்தம் 13 லட்சத்து 75 ஆயிரம் என்றால் சதுர அடிக்கு 275 ரூபாய் வருகிறது. அந்த விலைக்குக் கூரைகூடப் போட முடியாது. கடிதத்தில் ‘5,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,750 ரூபாய்’ என்று ஒரு வரி இருந்தால், எந்த நாட்டில் இருப்பவரும் பெருக்கிப் பார்த்து எட்டு இலக்கத் தொகைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். பெருக்கலுக்குக் காற்புள்ளி தேவையில்லை.

கணக்கை மாற்றுவது பூச்சியம் எண்ணும் வேலைதான். லட்சத்துக்கு ஐந்து பூச்சியம், மில்லியனுக்கு ஆறு, கோடிக்கு ஏழு. மில்லியன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் லட்சத்தைப் பத்தால் வகுத்தால் மில்லியன், கோடியைப் பத்தால் பெருக்கினால் மில்லியன். 137.5 லட்சமும் 13.75 மில்லியனும் 1.375 கோடியும் ஒரே தொகை. இன்னும் மேலே போனால் ஒரு வசதி இருக்கிறது. லட்சம் கோடிக்குப் பன்னிரண்டு பூச்சியம், ஆங்கிலத்தில் சொல்லும் டிரில்லியனுக்கும் பன்னிரண்டு. இந்தியாவின் 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். ஆங்கில வாசகருக்கு அது 50.65 டிரில்லியன் ரூபாய். எண்ணை மாற்ற வேண்டியதே இல்லை.

சரி, கடிதத்தில் எப்படி எழுதுவது? தொகை முதன்முதலாக வரும் இடத்தில் இரண்டு முறையிலும் சொல்லிவிட வேண்டும்: ‘கட்டடச் செலவு 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் இந்திய ரூபாய், அதாவது 13.75 மில்லியன் ரூபாய்.’ முதல் பாதி இங்கிருப்பவருக்கு, இரண்டாவது பாதி அங்கிருப்பவருக்கு. சொல்லாக எழுதும்போது காற்புள்ளி எங்கே விழுகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. அதற்குப் பிறகு கடிதம் முழுவதும் ஒரே முறையில் போகலாம். ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் எழுதினால் படிப்பவர் களைத்துப்போவார். ஒரு வரியில் லட்சம், அடுத்த வரியில் மில்லியன் என்று மாற்றி மாற்றி எழுதுவது அதைவிட மோசம்.

அதே தொகையைச் சுருக்கமாக ‘1.375 கோடி’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியையும், தசமத்துக்குக் காற்புள்ளியையும் போடுகிறார்கள். அங்கே 1.375 என்றால் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து. புள்ளிக்குப் பின் சரியாக மூன்று இலக்கம் வரும்போதுதான் இந்தக் குழப்பம். 13.75 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால், அது ஆயிரம் பிரிக்கும் புள்ளியாக இருக்க முடியாது என்று ஜெர்மானியருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவது இலக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் அலகை மாற்றுங்கள். கோடியை விட்டு மில்லியனுக்கோ லட்சத்துக்கோ போனால் ஓர் இலக்கமோ இரண்டோ குறைந்துவிடும்.

பில்லியன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் 100 கோடி. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் அந்த 100 கோடிக்கு ‘மில்லியார்ட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. அவர்கள் பில்லியன் என்று சொல்வது லட்சம் கோடியை. பிரிட்டனிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 1974-இல் அந்நாட்டு அரசு தன் கணக்குகளில் 100 கோடி என்ற பொருளையே ஏற்றுக்கொண்டது. சூரிக்கிலும் பாரிஸிலும் பிள்ளைகள் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் படித்து வளரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் போகும் தமிழ்க் கடிதத்தில் ‘2 பில்லியன்’ என்று எழுதினால், அப்பா 200 கோடி என்று படிப்பார், மகன் 2 லட்சம் கோடி என்று படிக்கலாம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மில்லியனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எல்லா மொழியிலும் அது பத்து லட்சம்தான். ஆகவே ஐரோப்பாவுக்குப் போகும் எழுத்தில் மில்லியனோடு நின்றுகொள்வதே நல்லது என்பது என் கருத்து. ‘200 கோடி (2000 மில்லியன்)’ என்று, காற்புள்ளியும் இல்லாமல் எழுதினால் கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை.

எண் சரியானதும் நாணயத்தைப் பார்க்க வேண்டும். வெறும் ‘ரூ.’ என்று எழுதினால் இலங்கை வாசகர் அதைத் தன் நாட்டு ரூபாயாக எடுத்துக்கொள்ள முழு நியாயம் இருக்கிறது. 2010-இல் வந்த ₹ குறி இந்திய ரூபாய்க்கு மட்டுமே உரியது. அந்தக் குறி தெரியாதவருக்கும் சேர்த்து, முதல் முறை ‘இந்திய ரூபாய்’ என்று எழுத்தால் எழுதிவிடுங்கள். வங்கிப் படிவங்களில் இந்திய ரூபாய்க்கு INR, இலங்கை ரூபாய்க்கு LKR. டாலரும் அப்படியே. கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று டாலர் வைத்திருக்கும் நாடுகள் பல.

எண்ணின் உடையை மாற்றுவதும் நாணயத்தை மாற்றுவதும் இரண்டு தனி வேலைகள். கோடியை மில்லியனாக்கினால் தொகை ஒரு பைசாகூட மாறாது. டாலராக்கினால் அது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு 85 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 13.75 மில்லியனை 85-ஆல் வகுக்க 161,764.7 வருகிறது. அதை அப்படியே எழுதக் கூடாது. பொறியாளரின் மதிப்பீடே தோராயமானது, விகிதமும் நாளை மாறும். ‘சுமார் 162,000 அமெரிக்க டாலர் (டாலருக்கு 85 ரூபாய் வீதம்)’ என்று, விகிதத்தைக் கூடவே சொல்லி எழுதுவதுதான் முறை. மறுபக்கமும் இதே கதைதான். ‘சுமார் 100 மில்லியன் டாலர்’ என்று வந்த வெளிநாட்டுச் செய்தி, நம் ஊரில் 847.36 கோடி ரூபாயாக அச்சாவதைப் பார்க்கிறோம். தோராயமான தொகைக்குத் தசமத் துல்லியம் எங்கிருந்து வந்தது? ‘சுமார் 850 கோடி’ போதும்.

சுருக்கக் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலக் கடிதத்தில் கோடிக்கு Cr என்று போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வங்கி அறிக்கையில் அதே Cr, பணம் வரவானதைக் குறிக்கும். ‘50,000 Cr’ என்பதை ஐம்பதாயிரம் ரூபாய் வரவு என்று வெளிநாட்டுக் கணக்காளர் படித்தால் அவர்மேல் குற்றமில்லை.

இனி வரவு செலவுப் பட்டியல். பட்டியலில் அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு, உள்ளே வெறும் எண்ணை மட்டும் வைப்பது வழக்கம். இந்திய நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பெரிய நிறுவனங்கள் தங்கள் நிதிநிலை அறிக்கையை லட்சத்திலோ மில்லியனிலோ கோடியிலோ தரலாம் என்கிறது, ஆனால் ஓர் அறிக்கை முழுவதும் ஒரே அலகில்தான் இருக்க வேண்டும். ஆகவே எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும் முதலில் மேலே வலது ஓரத்தில் ‘₹ லட்சத்தில்’ என்றிருக்கிறதா, ‘₹ மில்லியனில்’ என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். அந்தச் சின்ன எழுத்தை விட்டுவிட்டால் மறுபடியும் பத்து மடங்குப் பிழை.

எக்செலில் தொகையைத் தட்டும்போது காற்புள்ளியே போடாமல் 13750000 என்று மட்டும் தட்டுங்கள். காற்புள்ளி வெறும் தோற்றம், அதைத் திரை பார்த்துக்கொள்ளும். கணினிகளில் மொழி, நாட்டு வழக்கங்களுக்கான பொதுத் தரவில், இந்தியத் தமிழுக்கு (ta-IN) இரண்டிரண்டாகவும், சிங்கப்பூர்த் தமிழுக்கு (ta-SG) மூன்று மூன்றாகவும் பிரிக்கும்படி தனித்தனியே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரே மொழி, ஒரே எண், வாசகர் இருக்கும் நாட்டுக்கு ஏற்ற காற்புள்ளி. கணினி மூன்று மூன்றாகக் காற்புள்ளி போடும் அமைப்பில் இருந்தாலும் லட்சம், கோடி தெரிய வேண்டுமானால், அந்தக் கட்டங்களுக்கு இந்த வடிவத்தைக் கொடுக்கலாம்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

கோடிக்கு மேலே ஒரு வடிவம், லட்சத்துக்கு மேலே ஒன்று, மீதி எல்லாவற்றுக்கும் மூன்றாவது. இதில் ஒரு குறை இருக்கிறது. எக்செல் இப்படி இரண்டு நிபந்தனைகளுக்குத்தான் இடம் தருகிறது, அதனால் கழித்தல் குறியுள்ள எண்கள் எல்லாம் மூன்றாவது வடிவத்துக்குள் விழுந்துவிடும். சேர்ந்த பணம் 1,25,00,000 என்று அழகாக நிற்கும். பற்றாக்குறை மட்டும், கணினி மூன்று மூன்றாகப் பிரிக்கும் அமைப்பில் இருந்தால், -1,250,000 என்று வரும். ஒரே பத்தியில் இரண்டு விதக் காற்புள்ளி! பற்றாக்குறையைத் தனிப் பத்தியில் கழித்தல் குறியில்லாமல் காட்டினால் இந்தச் சிக்கல் தீரும்.

அந்தப் பட்டியலை .csv கோப்பாக அனுப்புவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கோப்பில் கட்டத்தைப் பிரிப்பதே காற்புள்ளிதான். மேற்கோள் குறிக்குள் வைக்காமல் 1,37,50,000 என்று போனால், பெறுபவரின் திரையில் நான்கு கட்டங்களாகச் சிதறும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: சில வரிகள் மட்டும் வலப்பக்கம் நீண்டு, தலைப்புக்கு நேராக நிற்காமல் இருக்கும். கோப்பைச் சேமிக்கும் முன் தொகைப் பத்தியின் வடிவத்தைப் பொது எண்ணுக்கு மாற்றிவிட்டு, சேமித்ததும் ஒருமுறை நோட்பேடில் திறந்து 13750000 என்று ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.