வாடகைக் கேமராவும் டெபாசிட் கணக்கும்

திருமண முகூர்த்த நாட்களில் புகைப்படக்காரர்கள் பலர் கூடுதல் கேமராவையும் பெரிய லென்ஸையும் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள பொருளுக்கு வாங்கப்படும் டெபாசிட் பெரும்பாலும் அந்த விலையில் ஒரு சிறு பங்குதான். முழு விலையையும் கேட்டால் வாடகைக்கு எடுக்க ஆள் வராது. எனவே டெபாசிட் பொருளுக்கு ஈடாகாது. தாமதம், கீறல், பழுது போன்ற சிறு இழப்புகளைக் கழித்துக்கொள்ளத்தான் அது உதவும். திருட்டையும் ஏமாற்றையும் தடுக்க, அடையாள அட்டையையும் முகவரியையும் சரிபார்ப்பதுடன் பொருளின் வரிசை எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

இந்த ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள் வருகிறது. வாடகைக்கு எடுத்தவர், தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அந்த அளவு கவனம் எடுத்தும் பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ, தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பில்லை என்கிறது 152ஆம் பிரிவு. சேத விதியை எழுத்தில் வைக்காத கடைக்காரர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார். எந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு, பழுதுச் செலவை எந்த ரசீதின்படி கணக்கிடுவது என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எடுப்பவருக்கும் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வாடகைக்கு விட்ட பொருளில் ஏற்கெனவே குறை இருந்து, அதனால் எடுத்தவருக்கு இழப்பு வந்தால், அந்தக் குறை தனக்குத் தெரியாது என்று சொல்லிக் கடைக்காரர் தப்ப முடியாது. ‘ஒரு மணி நேரம் தாமதமானாலும் டெபாசிட் முழுவதும் கிடையாது’ என்று எழுதி வாங்கினாலும், 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் செல்லும்.

விதிகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சேதம் எப்போது நேர்ந்தது என்று தெரியாவிட்டால் பயனில்லை. ஆகவே கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் ஒரே சோதனையை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். லென்ஸின் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, வடிகட்டி மாட்டும் வளையம், கேமராவுடன் இணையும் உலோக வாய் ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கலாம். லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தால், உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பது சிலந்தி வலை போலத் தெரியும்.

சென்சாரைச் சோதிக்க, லென்ஸ் துவாரத்தை f/22 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுக்க வேண்டும். மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அது தூசி. துவாரத்தை அகலத் திறந்ததும் புள்ளிகள் மறைந்துவிடும், சுத்தம் செய்தால் போய்விடும். வண்ணப் புள்ளியோ படத்தின் குறுக்கே ஒரு கோடோ எல்லா அளவிலும் அப்படியே நின்றால், சென்சாரே பழுதாகியிருக்கலாம். வரவேற்பு மேடையின் லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் இப்படி ஆகும். இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் சென்சாரையே மாற்ற நேரும். லேசர் சேதத்தையும் கடற்கரைப் படப்பிடிப்பில் புகும் உப்புநீர், மணலையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நல்லது. கைப்பிடி ரப்பர் தேய்வதும் அடிப்பகுதியில் மெல்லிய உராய்வு விழுவதும் வழக்கமான தேய்மானம். அவற்றுக்குப் பணம் பிடிப்பது முறையாகாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. கேமராவுக்கு நாள் வாடகை 1,500 ரூபாய், லென்ஸுக்கு 1,000 ரூபாய், டெபாசிட் 20,000 ரூபாய் என்று கொள்ளலாம். 24 மணி நேரம் ஒரு நாள். வெள்ளி மாலை 6 மணிக்கு எடுத்தவர் ஞாயிறு மாலை 6 மணிக்குத் திருப்ப வேண்டும். இரண்டு நாள் வாடகை 5,000 ரூபாயை முன்பே கட்டிவிட்டார். திங்கள் காலை 11 மணிக்குத்தான் கொண்டுவருகிறார். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் முழு நாள் வாடகை என்பது விதி. ஆகவே 2,500 ரூபாய் சேர்கிறது. லென்ஸின் வடிகட்டி வளையம் நசுங்கியிருக்கிறது. கொடுத்தபோது எடுத்த படத்தில் வளையம் வட்டமாகவே உள்ளதால் அதில் வாக்குவாதம் இல்லை. சர்வீஸ் சென்டர் ரசீது 4,000 ரூபாய். பழுதுபார்க்க ஆன மூன்று நாளுக்கு, ஒப்பந்தப்படி லென்ஸின் பாதி வாடகையாக 1,500 ரூபாய். மொத்தப் பிடித்தம் 8,000 ரூபாய். திரும்பத் தருவது 12,000 ரூபாய்.

ரசீது வரும்வரை டெபாசிட் முழுவதையும் நிறுத்திவைக்கத் தேவையில்லை. மதிப்பிட்ட பழுதுத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றே தந்துவிடலாம். பாக்கியை எத்தனை நாளுக்குள் தீர்ப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். சேதம் டெபாசிட்டைத் தாண்டினால், மீதியை எடுத்தவரிடம் கேட்கும் உரிமையையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும்.