அரைமண்டியில் அளவெடுக்கணும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அரங்கேற்றப் படங்கள் வந்துவிட்டன. ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, தில்லானா படத்துக்கு நெட்டி முறித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு வேலூர் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தும் உன் கண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. இப்போதுதான் ஆற அமரப் பார்க்கிறேன். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை எடுக்கிற கண் எனக்கு. ஆம்பூரில் பாதிப் பெண்களுக்கு இந்தக் கண்தான். ஆட்டத்தைப் பற்றி உன் டீச்சர் சொல்லட்டும். உடுப்பையும் மேக்கப்பையும் பற்றி நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நவராத்திரிக்கு மறுபடி ஆடப்போகிறாய், அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் முகம். பதம் ஆடும்போது கன்னத்தருகே கையை வைத்து நிற்கிற படத்தை எடுத்துப் பார். கை உன் நிறம், கழுத்து உன் நிறம், காது உன் நிறம். முகம் மட்டும் வெளுத்துத் தனியாக நிற்கிறது. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டதால் அப்படித் தெரிகிறதோ என்று முதலில் நினைத்தேன். மேலே தட்டுகிற பவுடர் சிலது நேரில் தெரியாது, ஃபிளாஷ் அடித்தால் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அதனால் மாமா எடுத்த வீடியோவை அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். அதில் ஃபிளாஷ் கிடையாது. அதிலும் முகம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே பவுடர் மேல் தப்பில்லை, அடியில் போட்ட பான்கேக்கே உன் நிறத்தைவிட வெளுப்பு.

மேக்கப் போட்ட அக்கா நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். மேடையில் பளிச்சென்று தெரியணும் என்று நம் ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மேடை விளக்கே முகத்தை வெளுக்க வைக்கும். அதற்கு ஈடுகொடுக்க, உன் நிறத்துக்குச் சமமாகவோ ஒரு படி அடர்த்தியாகவோ இருக்கிற பான்கேக் வேண்டும். அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்காதே, தாடையும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, ஜன்னல் பக்கம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார். கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் உன்னுடையது. பிறகு காது, பின்கழுத்து வரைக்கும் அதையே இழுக்கச் சொல். மாநிறத்தில்தான் உன் கண் அத்தனை அழகாகத் தெரியும் கண்ணு. அதை மறைத்துவிட்டு ஆட வேண்டியதில்லை.

வர்ணத்தின் கடைசிப் படங்களில் நெற்றியில் திட்டுத்திட்டாக இருக்கிறதே, அது வேர்வை மேலேயே பவுடர் போட்டதால் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு வேர்க்காமல் இருக்காது. மெல்லிய பருத்தித் துணியை மடித்து, துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் போன பிறகுதான் பவுடர்.

உன் ஃப்ரெண்டு அனுப்பிய செல்ஃபியில் சந்திரப்பிரபை வலப்பக்கம் இருந்ததைப் பார்த்து ஆயா பதறிவிட்டாள். சூரியன் வலம், சந்திரன் இடம் என்பது அவளுக்கு அத்துபடி. ரவிக்கை மேல் போகிற மேலாக்கும் அதில் பக்கம் மாறியிருந்தது, அதைக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். முன்கேமரா படத்தையே திருப்பிவிடுகிறது, நகையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது உடுப்பு. நிற்கிற படங்களில் அந்த அரக்குப் பட்டு விசிறி மடிப்பு மடிப்பாக எத்தனை அழகு! அலாரிப்பில் அரைமண்டி உட்கார்ந்த படத்தைப் பார். விசிறி கடைசி மடிப்பு வரைக்கும் விரிந்து தட்டையாகிவிட்டது. தொடையில் குறுக்கே சுருக்கம் ஓடுகிறது. பைஜாமா ஏறிப்போய், சலங்கைக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்குக் கால் தெரிகிறது. துணி இழுக்கிறபோது முழங்கால் முழுசாக வெளியே திரும்பாது. டீச்சர் “மண்டி போதலை” என்று சொல்லும்போதெல்லாம் நீ அழுகிறாயே, இந்தப் படத்தைப் பார்த்தால் பாதிக் குற்றம் துணியுடையது என்று தோன்றுகிறது.

டெய்லர் உன்னை நிற்கவைத்து அளவெடுத்தார். மடங்கின முழங்காலுக்கு மேலே சுற்றி வருகிறபோது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உள்ள நீளம் கூடும். ஷூவிலும் இதே கதைதான், நின்று பார்த்தால் கச்சிதமாக இருப்பது விரல் மடங்குகிற இடத்தில் கடிக்கும், அதனால் போட்டு நடந்து பார்க்காமல் நாங்கள் அளவை ஒத்துக்கொள்வதில்லை.

புடவையாகக் கட்டிய காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1925-இல் காஞ்சிபுரத்தில், ஏழு வயதில், பாலசரஸ்வதி அரங்கேறினார். பெரியவரான பிறகும் பாலசரஸ்வதி சுற்றிக் கட்டுகிற புடவையை விடவில்லை. கட்டுகிற துணி அன்றைய உடம்புக்குத் தக்கபடி இளகிக் கொடுக்கும். 1935 கடைசியில் அடையாறில் ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையேறினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து, அங்கிருந்த இத்தாலியப் பெண் ஒருவரின் தையல் உதவியோடு அவர் வடிவமைத்ததிலிருந்துதான் தைத்த உடுப்பு பரவியது. பார்க்க நேர்த்தி, நழுவாது, சீக்கிரம் மாட்டலாம். ஆனால் தைத்த பிறகு துணி தானாக இளகாது, அளவெடுக்கும்போதே ஆட்டத்தை உள்ளே வைத்துவிட வேண்டும்.

அதனால் இந்தத் தடவை டெய்லர் முன்னால் அரைமண்டியில் உட்கார், அப்படியே அளவெடுக்கட்டும். விசிறி முழுசாக விரிந்த பிறகும் இரண்டு மூன்று மடிப்பு மீதி நிற்கணும். கையை நாட்யாரம்பத்தில் தூக்கிக் காட்டு, ரவிக்கை ஒட்டியாணத்தை விட்டு மேலே போகிறதா என்று பார்க்கச் சொல். போனால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் போதும். முழுமண்டியில் விசிறியின் கரை கால்விரலுக்கு அடியில் மாட்டக்கூடாது, அதையும் உட்கார்ந்தே பார்.

கடைசியாக என் தொழில். இடது கணுக்காலில் சிவப்பு வழிந்திருக்கிறதே, நீ அதை மருதாணிச் சாயம் என்றாய், அல்தா என்றாய். அல்தா பாதத்தின் ஓரத்தோடு நின்றுவிட்டது. மேலே இருப்பது சலங்கைத் தோலின் சாயம். சலங்கை இங்கே வந்த அன்றே வெள்ளைத் துணியை நனைத்துத் தோலின் உள்பக்கத்தில் பத்து இருபது தடவை தேய்த்தேன், துணி ரோஸ் ஆகிவிட்டது. கம்பெனியில் இதற்கு மெஷின் வைத்திருக்கிறோம், ஈரத்தில் தேய்த்துச் சாயம் ஒட்டினால் அந்தத் தோலைத் திருப்பி அனுப்பிவிடுவோம். மணிகளை அவிழ்க்காமல், உள்பக்கம் சாயம் போடாத மெல்லிய லைனிங் தோலை ஒட்டி ஓரம் தைத்துவிட்டேன். மணி கோத்த ஓட்டை ஒன்று ஓரத்துக்கு ரொம்பக் கிட்டே இருந்து கிழியத் தொடங்கியிருந்தது. அதன் பின்னால் தனியாக ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

ஆடி முடித்ததும் சலங்கையைப் பிளாஸ்டிக் பையில் திணிக்காதே. வேர்வை உப்பு தோலை விறைக்க வைக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவிட்டுப் பிறகு பருத்திப் பையில் போடு. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

சனிக்கிழமை வரும்போது பைஜாமாவையும் விசிறியையும் எடுத்து வா. உள்ளே தையலுக்கு விட்ட துணி எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கணும். இரண்டு அங்குலம் இருந்தால் அதைப் பிரித்தே பெரிதாக்கிவிடலாம். இல்லையென்றால் மீதிப் பட்டு டெய்லரிடம் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டு வை.

அன்புடன்,
அம்மா