நூலகக் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது?

“இனி, புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். எண் மாறியிருந்தால் நூலகத்தில் தெரிவிக்கவும். இப்படிக்கு, செயலாளர்.”

சந்தா கட்டிப் படிக்கும் நூலகங்களில் உறுப்பினர்களுக்கு வரும் கடிதம் பெரும்பாலும் இவ்வளவுதான். படித்தவுடன் புரிகிறது. சில மாதம் போனால் கவுண்டரில் சண்டை வருகிறது. “எனக்குச் செய்தியே வரவில்லை, நான் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?” என்று உறுப்பினர் கேட்கிறார். “அனுப்பியதாகத்தானே கணினி காட்டுகிறது” என்கிறார் நூலகர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கடிதம் விட்டுவிட்ட விஷயங்களில்தான் அந்தச் சண்டை பிறக்கிறது.

முதலில், செய்தி எப்படிப் புறப்படுகிறது என்று பார்ப்போம். பல நூலகங்கள் கோஹா என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கின்றன. நியூசிலாந்தில் உருவாகி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது அது. நினைவூட்டுவதற்கென்று அதில் ஒரு சின்ன நிரல் உண்டு. தினம் ஒருமுறை, வழக்கமாக ஆளில்லாத நேரத்தில், அது ஓடும். இன்றிலிருந்து சரியாக இரண்டாம் நாள் கெடு முடிகிற புத்தகங்கள் எவை என்று தேடிச் செய்திகளைத் தயாரித்து வரிசையில் வைக்கும்.

‘சரியாக’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூன் 3 அன்று 14 நாள் தவணையில் ஒரு புத்தகம் எடுக்கிறீர்கள். கெடு 17. செய்தி 15 அன்று வரவேண்டும். நிரல் ஓடவேண்டிய அந்த வேளையில் கணினி அணைந்திருந்தால்? மறுநாள் ஓடும் நிரல் 18ஆம் தேதிப் புத்தகங்களைத்தான் தேடும். உங்கள் புத்தகம் அதன் கண்ணில் படாது. விட்டுப்போன செய்தி விட்டுப்போனதுதான். சின்ன நூலகங்களில் மாலையில் பூட்டும்போது கணினியையும் அணைத்துவிட்டுப் போவது வழக்கம். ஒரே நாளுக்குரிய செய்தி பல உறுப்பினர்களுக்கும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உறுப்பினரின் கைப்பேசியை அல்ல.

இன்னொரு பக்கம், வரக்கூடாத செய்தியும் வரும். 14ஆம் தேதி மாலை புத்தகத்தை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டீர்கள். ஊழியர் அதை எடுத்துக் கணினியில் பதிவது 15 காலை. நிரல் அதற்கு முன்பே ஓடிவிட்டால், திருப்பிக் கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லிச் செய்தி வரும். 16 அன்று நீங்கள் தவணையைப் புதுப்பித்தாலும் பழைய செய்தி கைப்பேசியில் அப்படியே இருக்கும். எந்தத் தேதி செல்லும்? தேதிச் சீட்டில் உள்ளதும் கணினிக் கணக்கில் உள்ளதும்தான். செய்தி வராததால் கெடு தள்ளிப்போகாது என்ற ஒரு வரியைச் செயலாளர் கடிதத்தில் எழுதியே ஆக வேண்டும். கொஞ்சம் கறாராகத் தெரியும்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அபராதம் கேட்கும் ஊழியருக்குத் தர்மசங்கடம் இல்லை.

செய்தியின் வாசகம் ஏன் அவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 இடம் கொள்ளும். தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனி இடம் பிடிக்கும். ‘நூலகம்’ என்ற சொல்லுக்கே 6 இடம். “புத்தகம் 1, 17-06க்குள் தரவும். உறுப்பினர் 412 - நூலகம்” என்று எழுதினால் 55 இடத்தில் முடிகிறது. முன்னால் “அன்புள்ள உறுப்பினரே, வணக்கம்.” என்று சேர்த்தால் 85 ஆகி, இரண்டு செய்திக்கான காசு போகும். மரியாதைக் குறைவு இல்லை, சிக்கனம்.

அந்த வாசகத்தை நினைத்தபடி மாற்றவும் முடியாது. இந்தியாவில் இப்படி மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர்கள், அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களிடம் முன்பே பதிந்துகொள்ள வேண்டும் என்பது டிராய் அமைப்பின் 2018 ஒழுங்குமுறை. தேதி, எண்ணிக்கை போன்ற இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2025 முதல் அனுப்புநர் பெயரின் கடைசியில் செய்தியின் வகையைக் காட்டும் ஓர் எழுத்தும் வருகிறது. சேவைச் செய்தி என்றால் -S. ஆகவே சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து “நூலக அபராதம் கட்ட இங்கே அழுத்தவும்” என்று ஒன்று வந்தால் அதைத் தொடாதீர்கள். நூலகம் எந்தப் பெயரில் அனுப்பும், அதில் இணைப்பு எதுவும் இருக்காது, பணம் கேட்காது என்பதைக் கடிதமே சொல்லிவிடுவது நல்லது. விளம்பர அழைப்புகள் வேண்டாமென்று பதிவு செய்தவர்களுக்கும் இத்தகைய சேவைச் செய்தி வரும். அந்தப் பதிவின் மேல் பழியைப் போட வேண்டியதில்லை.

வாசகத்தில் புத்தகத்தின் பெயர் இல்லாததற்குக் காசு மட்டும் காரணமில்லை. நீங்கள் கைவிட்ட கைப்பேசி எண் சும்மா கிடப்பதில்லை. குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு உங்கள் நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போகும். நோயைப் பற்றியோ விவாகரத்துச் சட்டத்தைப் பற்றியோ நீங்கள் படிப்பது முன்பின் தெரியாதவருக்குத் தெரிய வேண்டுமா? கணினிக்கு இது தவறாகவே படாது. செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாகவே அறிக்கை வரும். அந்த எண்ணுக்குப் புதிதாக வந்தவர் நூலகத்துக்குப் போன் செய்து “இதை நிறுத்துங்கள்” என்று சொன்னால்தான் உண்டு.

எண்ணை மாற்றச் சொல்லும்போதுதான் செயலாளர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கோஹாவில் உறுப்பினரின் தொலைபேசிக்கு ஓர் இடம், குறுஞ்செய்திக்கு வேறோர் இடம். முதலாவது Primary phone. இரண்டாவது SMS number, செய்தி விருப்பங்கள் பகுதியில் தனியாக இருக்கும். “என் எண் மாறிவிட்டது” என்று நீங்கள் சொல்ல, ஊழியர் முதல் கட்டத்தை மட்டும் திருத்தினால், நூலகத்திலிருந்து அழைப்பு புது எண்ணுக்கு வரும், நினைவூட்டல் பழைய எண்ணுக்கே போகும். போன் வருகிறதே, எண் சரியாகத்தானே இருக்கிறது என்று நீங்களும் நினைப்பீர்கள். இரண்டாவது கட்டம் காலியாகவே இருந்தால் குறுஞ்செய்தி எங்கும் போகாது. எண் சரியாக இருந்தும், முன்நினைவூட்டலுக்கு எதிரே குறுஞ்செய்திக்கான கட்டத்தில் டிக் இல்லையென்றாலும் அதே கதைதான்.

எனவே கடிதத்தோடு ஒரு சின்னப் படிவமும் போக வேண்டும். உறுப்பினர் எண், பெயர், பழைய எண், புது எண், முகவரி, கையெழுத்து, இவை போதும். “அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இதே எண்ணா?” என்ற கேள்வி அதில் கட்டாயம் இருக்கட்டும். பழைய எண்ணைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை என மூன்று அட்டைகள் இருந்து, மூன்றுக்கும் அப்பாவின் எண்ணையே கொடுத்திருப்பார்கள். அப்பா வந்து தன் அட்டையில் மட்டும் மாற்றிவிட்டுப் போவார். பழைய எண்ணைப் போட்டுத் தேடினால் மற்ற இரண்டு அட்டைகளும் சிக்கும். செய்தியில் உறுப்பினர் எண் வேண்டும் என்பதும் இதனால்தான். இல்லாவிட்டால் மூன்று பேரில் யாருடைய புத்தகம் என்று வீட்டில் விசாரணை நடக்கும்.

தொலைபேசியில் சொன்னால் மாற்றித் தர மாட்டீர்களா என்று வயதானவர்கள் கேட்பார்கள். குரலை மட்டும் நம்பி மாற்றினால் யாருடைய கணக்கையும் யாரும் மாற்றலாம். அட்டையோடு நேரில் வரச் சொல்வதுதான் முறை. வர முடியாதவர் கையெழுத்திட்ட படிவத்தையும் அட்டையையும் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம். மாற்றி முடித்த கையோடு, திரையில் இரண்டு கட்டங்களையும் காட்டச் சொல்லி ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த புத்தகத்துக்குக் கெடு தேதியிலிருந்து இரண்டு நாள் முன்னே எண்ணி வைத்துக்கொண்டு, அன்று இரவுக்குள் செய்தி வரவில்லை என்றால் மறுநாளே கவுண்டரில் சொல்லுங்கள். கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கும்.