பிந்தி வந்த பழைய செய்தி

வாசகி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். காலையில் சந்தா கட்டியாயிற்று, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்துவிட்டது, ஆனால் தளம் மட்டும் 'பணம் நிலுவை' என்று கதவைச் சாத்துகிறது. நாங்கள் ஒரு சிறிய இணைய இதழுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. பணம் வசூலிப்பது ஸ்ட்ரைப் பார்த்துக்கொள்ளும், யாரை உள்ளே விடுவது என்பது எங்கள் பொறுப்பு. ஸ்ட்ரைப் கணக்கைத் திறந்து பார்த்தால் அவருடைய சந்தா `active`. எங்கள் தரவுத்தளத்திலோ `past_due`.

இரண்டு கணக்கையும் இணைப்பது வெப்ஹுக். சந்தாவில் ஏதாவது மாறினால் ஸ்ட்ரைப் எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். 'கிடைத்தது' என்று சர்வர் பதில் சொல்லாவிட்டால் அதே செய்தியை இடைவெளி விட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். செய்திகள் நடந்த வரிசையிலேயே வந்து சேரும் என்று மட்டும் அது உத்தரவாதம் தருவதில்லை. ஆவணத்தில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் படித்துவிட்டு மறந்துபோனோம்.

பதிவேட்டைப் புரட்டியதும் நடந்தது புரிந்தது. காலை 10:00 மணிக்கு அவருடைய பழைய அட்டையில் பணம் எடுக்க முடியவில்லை. `past_due` என்ற செய்தி புறப்பட்டது. அப்போது எங்கள் சர்வர் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. 10:15-க்கு அவர் புது அட்டை கொடுத்துப் பணம் கட்டினார். அதற்குள் சர்வர் எழுந்துவிட்டதால் `active` செய்தி உடனே வந்து பதிவானது. 10:40 வாக்கில், காலையில் திரும்பிப்போன செய்தி மறுபடி கதவைத் தட்டியது. அதற்குள் இருந்தது 10 மணி நிலவரம். மறுமுறை அனுப்பும்போது செய்தியின் உள்ளடக்கம் புதுப்பிக்கப்படுவதில்லை. எங்கள் நிரல் கடைசியாக வந்ததையே கடைசியாக நடந்தது என்று எடுத்துக்கொண்டது.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் மருந்துதான் எங்களுக்கும் தோன்றியது. ஒவ்வொரு செய்தியிலும் அது உருவான நேரம் `created` என்று இருக்கிறதே, ஏற்கெனவே பதிந்ததைவிடப் பழையதென்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இந்த வாசகிக்கு அதுவே போதும். ஆனால் அந்த நேரம் முழு நொடிக் கணக்கு. ஒருவர் புதிதாகச் சேரும்போது `incomplete` என்று ஒரு செய்தியும் `active` என்று இன்னொன்றும் ஒரே நொடியில் பிறக்கலாம். எது முந்தியது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அதனால் செய்தியை நம்புவதையே விட்டோம். அதை வாசல் மணி மாதிரி வைத்துக்கொண்டோம். மணி அடித்தால் 'ஏதோ மாறியிருக்கிறது' என்று மட்டும் பொருள். என்ன மாறியது என்பதை ஸ்ட்ரைப்பிடமே அப்போதே கேட்டு, அது சொல்லும் நிலையை எழுதிக்கொள்வோம். 10:40-க்கு வந்த பழைய மணிக்கும் பதில் `active` என்றுதான் கிடைக்கும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் பாதகமில்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது லேசில் கண்ணில் படாது. ஒரே சந்தாவுக்கு இரண்டு மணிகள் அடுத்தடுத்து அடிக்கின்றன, இரண்டு வேலையாட்கள் அவற்றை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆள் கேட்டபோது கிடைத்த பதில் `past_due`. அதை எழுதுவதற்குள் அவர் சற்றுத் தாமதிக்கிறார். அதற்குள் பணம் கட்டப்பட, இரண்டாம் ஆள் கேட்டு `active` என்று எழுதிவிடுகிறார். பிறகு முதல் ஆள் சாவகாசமாகப் பழையதை மேலே எழுதுகிறார். பழைய நோய் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே கேட்பதற்கு முன்பே அந்தச் சந்தாவின் வரிசையைப் பூட்ட வேண்டும். கேட்டபிறகு பூட்டினால் பயனில்லை.

```python
with transaction():
    row = lock_or_create(sub_id)
    sub = stripe.Subscription.retrieve(sub_id)
    row.status = sub.status
    row.save()
```

`lock_or_create` நாங்களே எழுதிக்கொண்டது. சந்தா தொடங்கிய செய்திக்கு முன்பே பணம் வந்த செய்தி வந்துவிடுவதும் உண்டு, அதனால் வரிசை இல்லையென்றால் உருவாக்கிப் பூட்டுகிறது. ஸ்ட்ரைப் பதில் சொல்லும்வரை பூட்டு பிடித்தபடி இருக்குமே என்று தரவுத்தளக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பூட்டுவது ஒரே ஒரு சந்தாவைத்தான் என்பதால், காத்திருப்புக்கு ஒரு கால வரம்பு வைத்து நாங்கள் இதை ஏற்றுக்கொண்டோம். வெப்ஹுக் வந்ததும் அதைப் பட்டியலில் போட்டுவிட்டு 'கிடைத்தது' என்று உடனே சொல்லிவிடுகிறோம். இந்த வேலை பின்னால் நடக்கிறது.

மணியே அடிக்காமல் போனால் இதெல்லாம் உதவாது. ஸ்ட்ரைப் மூன்று நாள் வரைதான் மறுபடி மறுபடி முயலும். அதனால் இரவில் ஒருமுறை எல்லாச் சந்தாக்களையும் அவர்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு நிரல் ஒன்றும் ஓடுகிறது. வேறுபாடு தெரிந்தால் காலையில் எங்களுக்கு அஞ்சல் வந்திருக்கும்.