மண்ணுக்குள் மனிதரைத் தேடும் மூக்கு: மோப்ப நாய்கள் காட்டும் இடமும் காட்ட முடியாத இடமும்

புதுதில்லி: தெலங்கானா மாநிலம் நாகர்கர்னூல் மாவட்டத்தில், ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கப் பாதையின் ஒரு பகுதி 2025 பிப்ரவரி 22-ஆம் தேதி இடிந்து விழுந்தது. நுழைவாயிலில் இருந்து ஏறக்குறைய 14 கி.மீ. உள்ளே 8 பேர் சிக்கினர். சேறும் நீரும், துளையிடும் ராட்சத இயந்திரத்தின் சிதைவுகளும் பாதையை அடைத்துக் கிடந்தன. ஆள்கள் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்பது தெரியாமல், எந்த இடத்தில் தோண்டுவது என்று முடிவு செய்ய முடியவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் கேரள காவல் துறையின் மாயா, மர்பி என்ற இரு நாய்கள் அங்கு கொண்டு செல்லப்பட்டன. பெல்ஜியன் மாலினோயிஸ் இனத்தைச் சேர்ந்த இவை, இறந்தவர்களின் உடலைக் கண்டறிவதற்கென்றே பயிற்சி பெற்றவை. சுரங்கத்தின் உள்கோடியில் அவை அடையாளம் காட்டிய பகுதியில் தோண்டும் பணி தீவிரப்படுத்தப்பட்டது. மார்ச் 9-ஆம் தேதி முதல் உடல் மீட்கப்பட்டது.

நவீனக் கருவிகள் பல இருக்கும்போது நாயின் மூக்கை ஏன் நாட வேண்டியிருக்கிறது? தரைக்குள் ஊடுருவும் ரேடார், மண்ணின் மின்பண்பு மாறும் இடத்தைக் காட்டும். அங்கே இருப்பது இரும்பா, பாறையா, மனித உடலா என்று அதனால் சொல்ல இயலாது. நாய் தேடுவது மனிதரிடம் இருந்து வெளிவரும் பொருளையே.

மூக்கின் அமைப்பு: மனிதர் சுவாசிப்பதும் முகர்வதும் ஏறத்தாழ ஒரே காற்றோட்டத்தில் நடைபெறுகின்றன. நாய்க்கு அப்படியல்ல. உள்ளே இழுக்கப்படும் காற்று மூக்கினுள் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்குச் செல்ல, சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்கோடியில் உள்ள தனி அறையை அடைகிறது. அங்கே சுருள் சுருளான மெல்லிய எலும்புத் தகடுகள் மீது முகர்வுச் சவ்வு போர்த்தப்பட்டுள்ளது. மூச்சு வெளியேறும்போதும் இந்த அறையில் உள்ள காற்று உடனே அடித்துச் செல்லப்படுவதில்லை. எனவே வாசனை மூலக்கூறுகள் சவ்வில் படிவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

முகரும்போது நாய் விநாடிக்கு ஏறக்குறைய 5 முறை காற்றை இழுத்து விடுகிறது. வெளிவிடும் காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிச் செல்வதால், முன்னால் உள்ள வாசனை கலைவதில்லை. மாறாக, புதிய காற்று மூக்கை நோக்கி ஈர்க்கப்படுகிறது. வாசனையைப் பிரித்தறியும் ஏற்பிகளில் மனிதருக்கு உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வகைகள் நாய்க்கு உள்ளன. அவற்றைத் தாங்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையோ பல மடங்கு அதிகம்.

மூன்று விதத் தேடல்: காணாமல் போனவரைத் தேடும் பணிகள் எல்லாம் ஒன்றல்ல. காணாமல் போனவரின் துணியை முகர்ந்து அவர் சென்ற தடத்தைத் தொடர்வது ஒரு வகை. மனித உடலில் இருந்து இடைவிடாது உதிரும் தோல் துகள்களும் வியர்வையும் தரையில் படிந்து இந்தத் தடத்தை உண்டாக்குகின்றன. குறிப்பிட்ட ஆள் யார் என்று அறியாமலே, இடிபாடுகளுக்குள் உயிரோடு இருக்கும் எவருடைய வாசனையையும் காற்றில் பிடிப்பது இரண்டாவது வகை. உடல் சிதையும்போது எழும் வாயுக்களைத் தேடுவது மூன்றாவது வகை.

முதல் வகையின் எல்லையை கேரள-தமிழக எல்லையில் உள்ள பாறசாலையை வைத்து எளிதில் விளங்கிக் கொள்ளலாம். அங்கே வீட்டில் இருந்து வெளியேறிய ஒருவர் வயல் வரப்பு வழியே நடந்து சென்றிருந்தால், ஈரம் காயாத வரை நாய் தொடர்ந்து செல்லக்கூடும். அவர் தேசிய நெடுஞ்சாலையில் களியக்காவிளை பேருந்தில் ஏறிவிட்டாலோ, ரயிலைப் பிடித்துவிட்டாலோ தடம் அந்த இடத்தில் அறுந்துவிடும். வெயிலில் சுட்ட தார்ச் சாலையும், வாகனங்கள் கிளப்பும் காற்றும் எஞ்சிய வாசனையையும் கலைத்துவிடும். நாய் சாலையோரத்தில் வட்டமிட்டு நின்றால் அது தோல்வி அல்ல. வாகனத்தில் சென்றிருக்கலாம் என்ற தகவலே அதில் இருந்து கிடைக்கிறது. அதன் பிறகு எல்லையின் இருபுறமும் உள்ள காவல் நிலையங்கள்தான் பேச வேண்டும்.

பெட்டிமுடியின் பாடம்: நிலச்சரிவில் நிலைமை வேறு. இடுக்கி மாவட்டம் மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ஏற்பட்ட நிலச்சரிவில், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மண்ணில் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 66 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. 4 பேர் கிடைக்கவே இல்லை.

மண்ணோடு வெள்ளமும் பாய்ந்ததால், வீடு இருந்த இடத்தில் உடல் இருக்கும் என்ற கணக்கு அங்கு பொய்த்தது. 2 வயதுக் குழந்தை ஒன்றின் உடல், ஒரு வாரத்துக்குப் பிறகு, சில கி.மீ. தொலைவில் ஆற்றில் சிக்கிக் கிடந்தது. அந்த இடத்தைக் காட்டியது பயிற்சி பெற்ற நாய் அல்ல. அக்குடும்பத்தில் வளர்ந்த குவி என்ற நாய். தான் அறிந்த வாசனையை அது தேடிச் சென்றது. இத்தகைய பற்று எப்போதாவது உதவும். முன்பின் அறியாத மனிதரையும் தேட வைப்பதுதான் பயிற்சியின் நோக்கம். குறிப்பிட்ட வாசனையைக் கண்டதும் குரைத்தாலோ அமர்ந்தாலோ விளையாட்டுப் பொருளோ தின்பண்டமோ கிடைக்கும் என்று நாய்க்குப் பழக்கப்படுத்துகிறார்கள்.

தவறு நேரும் இடம்: வாயு நேராக மேலே எழுவதில்லை. மண்ணின் விரிசல் வழியாகவும் நீரோட்டத்தோடும் விலகிச் சென்று வேறிடத்தில் வெளிப்படலாம். ஆகவே நாய் காட்டுவது வாசனை வெளிவரும் புள்ளியை. உடல் கிடக்கும் புள்ளியை அல்ல. இறுகிய சேற்றில் கம்பியால் துளையிட்டு, வாயு வெளியேறச் சற்று நேரம் விட்டு, மீண்டும் நாயைக் கொண்டு வருவது இதனால்தான். வெப்பத்தில் இரைக்கும் நாய் வாய் வழியே மூச்சு விடுவதால் சரியாக முகராது. இடையிடையே ஓய்வு தராவிட்டால் அதன் அடையாளத்தை நம்ப முடியாது.

மற்றொரு பிழை நாயைப் பிடித்திருப்பவரிடம் இருந்து வருகிறது. ஓரிடத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் எண்ணினால், அவருடைய நடையும் பார்வையுமே நாய்க்குச் சைகையாகிவிடும். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தேட வேண்டிய பொருள் எதுவும் வைக்கப்படாத இடங்களில் 144 முறை தேடுதல் நடத்தப்பட்டது. பொருள் இருக்கலாம் என்று நாயைப் பிடித்திருந்தவர்களிடம் முன்னரே கூறப்பட்டிருந்தது. தவறான அடையாளம் ஒன்றுகூட அறிவிக்கப்படாமல் முடிந்தவை 21 மட்டுமே.

இதற்கு மாற்று, முதல் நாயின் முடிவை அறியாத இரண்டாவது நாயைக் கொண்டு சரிபார்ப்பதாகும். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது, தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி என்ற நாய் காட்டிய இடத்தை ரோமியோ என்ற நாயும் உறுதிப்படுத்திய பின்னரே தோண்டினர். 6 வயதுச் சிறுமி உயிருடன் மீட்கப்பட்டாள்.

துப்பறியும் நாய் காட்டியதை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்ய நீதிமன்றங்கள் தயங்குகின்றன. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்ற சிக்கலை, அப்துல் ரசாக் முர்தசா தபதார் வழக்கில் 1969-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. மீட்புப் பணியில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே நாயின் சாட்சியத்தைச் சோதிப்பது மண்வெட்டி.

ஆனால் அதுவும் எப்போதும் விடை தருவதில்லை. தெலங்கானா சுரங்கத்தில் மார்ச் 25-ஆம் தேதி இரண்டாவது உடல் கிடைத்தது. எஞ்சிய 6 பேரும் கிடைக்காமலேயே அப்போதைய தேடுதல் நிறுத்தப்பட்டது.