டீலர் தேடும் மின்னஞ்சல்: கையில் நிற்பது எவ்வளவு என்று சொல்லுங்கள்

"கவர்ச்சிகரமான மார்ஜின், முழுமையான பயிற்சி, 24 மணி நேர சப்போர்ட். எங்களோடு இணையுங்கள்!" சிறு நகரங்களில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களுக்கு இப்படி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கும். பில்லிங் சாப்ட்வேர், சிசிடிவி, இன்வெர்ட்டர் என்று பொருள் மாறுமே தவிர வாசகம் மாறாது. கடைக்காரர் முதல் வரியோடு அழித்துவிடுவார். அவர் மனதில் இருப்பது இரண்டே கேள்விகள். ஒரு கஸ்டமரைப் பிடித்தால் என் கையில் எவ்வளவு நிற்கும்? அதற்கு என் கடைப் பையன் எத்தனை நாள் அலைய வேண்டும்? இந்த இரண்டுக்கும் அந்த மின்னஞ்சலில் பதில் இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஈரோட்டில் ஒரு சிறு நிறுவனம் மளிகைக் கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் அதற்கு டீலர் வேண்டும். அங்கே பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் விற்றுச் சர்வீஸும் பார்க்கும் ஒரு கடைக்கு எழுதப் போகிறார்கள்.

25 சதவீதம், எதில்?

சாப்ட்வேரின் விலை முதல் ஆண்டுக்கு 10,000 ரூபாய். டீலருக்கு 7,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். இரண்டிலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதாவது டீலர் நிறுவனத்துக்கு 8,850 ரூபாய் கட்டுகிறார், மளிகைக் கடையிடம் 11,800 ரூபாய் வாங்குகிறார். வித்தியாசம் 2,950 ரூபாய் என்றாலும் அதில் 450 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. மிச்சம் 2,500 ரூபாய்.

"25 சதவீத மார்ஜின்" என்று மட்டும் எழுதினால், வரி சேர்த்த விலையில் 25 சதவீதம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டு 2,950 ரூபாயை எதிர்பார்ப்பார். இதே 2,500 ரூபாயை வாங்கிய விலையோடு ஒப்பிட்டு "33 சதவீத லாபம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. கணக்கு தப்பில்லை. ஆனால் முதல் பில் போடும்போது டீலருக்குச் சந்தேகம் வந்துவிடும். சதவீதத்தை விட்டுவிட்டு, வரி போக ஒரு கஸ்டமருக்கு 2,500 ரூபாய் என்று ரூபாயில் சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை.

யார் பில் போடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். டீலர் வாங்கி விற்றால் அது மார்ஜின். நிறுவனமே கஸ்டமருக்கு பில் போட்டு, ஆளைக் காட்டிவிட்டவருக்குப் பணம் கொடுத்தால் அது கமிஷன். கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தரும். கஸ்டமர் பணம் தராமல் இழுத்தடித்தால், முதல் வகையில் அடி டீலருக்கு. இரண்டாவது வகையில் நிறுவனத்துக்கு.

முதல் ஆண்டில் லாபமே இல்லை

இப்போது அந்த 2,500 ரூபாயை டீலர் எப்படிப் பார்ப்பார் என்று பார்ப்போம். கடைப் பையனுக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 25 வேலை நாள் என்றால், ஒரு நாளைக்கு 720 ரூபாய். மூன்று கடைக்கு டெமோ காட்டினால் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெமோவுக்கு அரை நாள் வீதம் ஒன்றரை நாள் போயிற்று. இன்ஸ்டால் செய்து, சரக்குப் பட்டியலை ஏற்றி, பிரிண்டரை இணைத்து, கல்லாவில் உட்காருபவருக்குச் சொல்லிக்கொடுக்க இன்னொரு ஒன்றரை நாள். முதல் மாதம் வரும் போன்களுக்கு அரை நாள். மொத்தம் மூன்றரை நாள், 2,520 ரூபாய். பெட்ரோலைச் சேர்க்காமலே 20 ரூபாய் நஷ்டம்.

அப்படியானால் இந்தத் தொழிலை ஏன் செய்ய வேண்டும்? பதில் ரெனியூவலில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து கஸ்டமர் 6,000 ரூபாய் கட்டுகிறார். அதில் டீலர் பங்கு 1,200 ரூபாய். ஆண்டு முழுக்க அரை நாள் வேலை என்றால் செலவு 360 போக 840 ரூபாய் நிற்கும். நாற்பது கடை சேர்ந்துவிட்டால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். டீலருக்கு வருமானம் என்று சொன்னால் இதுதான்.

பெரும்பாலான அழைப்புகள் இந்த இடத்தில்தான் வாய் திறப்பதில்லை. ரெனியூவல் பணத்தை கஸ்டமர் போனிலிருந்து நேராகக் கட்டிவிடலாம் என்பதால், அலைந்து கஸ்டமரைப் பிடித்தவருக்கு இரண்டாம் ஆண்டில் ஒன்றும் வராமல் போய்விடுகிறது. ஒருமுறை இப்படி அடிபட்டவர் அடுத்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் இந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

மின்னஞ்சல் எப்படி இருக்கும்?

மேலே சொன்னதையெல்லாம் வைத்து எழுதினால் இப்படி வரும்:

> பொருள்: திண்டுக்கல்லில் மளிகைக் கடை பில்லிங் சாப்ட்வேருக்கு டீலர் தேவை. கஸ்டமருக்கு ரூ. 2,500, ரெனியூவலுக்கு ரூ. 1,200
>
> வணக்கம் ஐயா,
>
> மளிகைக் கடைகளுக்கு நீங்கள் பில் பிரிண்டரும் ஸ்கேனரும் கொடுத்து வருவதால் உங்களுக்கு எழுதுகிறோம். அதே கடைகளுக்கு எங்கள் சாப்ட்வேரையும் விற்க முடியுமா என்று கேட்கவே இந்த மெயில்.
>
> வரவு: விலை ரூ. 10,000, உங்களுக்கு ரூ. 7,500, ஜிஎஸ்டி தனி. பில் நீங்கள் போடுவீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து ரெனியூவல் ரூ. 6,000, அதில் ரூ. 1,200 உங்களுக்கு. கஸ்டமர் எங்களிடம் நேரடியாகக் கட்டினாலும் அந்தத் தொகை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் வரும். முதல் ஆண்டு மார்ஜின் உங்கள் ஆள் கூலிக்குத்தான் சரியாக இருக்கும், லாபம் ரெனியூவலில்தான்.
>
> பயிற்சி: உங்கள் ஆள் ஒருவருக்கு உங்கள் கடையிலேயே இரண்டு நாள், தமிழில். கட்டணம் இல்லை. முதல் இரண்டு இன்ஸ்டாலுக்கு எங்கள் ஆள் கூட வருவார்.
>
> சப்போர்ட்: பிரிண்டர், ஸ்கேனர், பில் வடிவம், புது ஆளுக்குச் சொல்லித் தருவது உங்கள் பொறுப்பு. டேட்டா கெட்டுப்போவது, வரி மாற்றம், சாப்ட்வேர் பிழை எங்கள் பொறுப்பு. காலை 9 முதல் இரவு 9 வரை போனை எடுப்போம், ஞாயிறும் உண்டு. இரவு 9க்கு மேல் ஆள் இல்லை.
>
> எதிர்பார்ப்பு: முதல் ஆறு மாதத்தில் ஆறு கடை. முடியாவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் திண்டுக்கல்லில் இன்னொரு டீலரையும் சேர்ப்போம். டெபாசிட் இல்லை, முன்கூட்டி ஸ்டாக் எடுக்க வேண்டாம்.
>
> ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறோம். எது இடித்தாலும் கேளுங்கள்.

இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. பாதகமான விஷயங்கள்கூட வெளிப்படையாகவே இருக்கின்றன. முதல் ஆண்டில் லாபம் இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுச் சிலர் விலகிவிடுவார்கள். விலகட்டும். அவர்கள் சேர்ந்திருந்தால் மூன்று மாதத்தில் டெமோ காட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த செலவும் நிறுவனத்தின் தலையில்தான் விழுந்திருக்கும்.

சப்போர்ட் வரியில்தான் சண்டை வரும்

சனிக்கிழமை இரவு 8 மணி. மளிகைக் கடையில் கூட்டம் நெரிகிறது, பில் வரவில்லை. முதலாளி யாருக்குப் போன் போடுவார்? ஈரோட்டு நிறுவனத்துக்கு அல்ல, தனக்குத் தெரிந்த திண்டுக்கல் கடைக்காரருக்குத்தான். அவர் போய்ப் பார்த்தால் பிரிண்டர் கேபிள் கழன்றிருக்கலாம். அது அவர் வேலை. டேட்டா கெட்டுப்போயிருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனம் போனை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் கெடுவது பிரிண்டரும் ஸ்கேனரும் விற்றுவந்த அவருடைய பெயர்.

"முழு சப்போர்ட்" என்ற இரண்டு சொல்லுக்குள் இந்தப் பிரிவினை அடங்காது. எந்தக் கோளாறு யாருடையது, எந்த நேரம்வரை ஆள் இருப்பார் என்று எழுத வேண்டும். செய்ய முடியாததையும் எழுத வேண்டும். மூன்று பேர் வேலை பார்க்கும் நிறுவனம் 24 மணி நேரம் என்று எழுதினால், முதல் சனிக்கிழமையே குட்டு வெளிப்பட்டுவிடும்.

எதைக் கேட்கக் கூடாது?

எதிர்பார்ப்பு என்ற பெயரில் பலரும் சேர்க்கும் ஒரு நிபந்தனை, "குறித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது" என்பது. டீலர்கள் ஒருவருக்கொருவர் விலையை வெட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இதைப் போடுகிறார்கள். ஆனால் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது, சந்தைப் போட்டியைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு சந்தை பலம் கிடையாதுதான். இருந்தாலும் விலையைப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொண்டு, டீலர் தன் மார்ஜினிலிருந்து தள்ளுபடி தருவதை அவர் விருப்பத்துக்கு விடுவதே நல்லது.

அதைவிட நல்ல வழி, ஒரே கடையை இரண்டு டீலர்கள் துரத்தாமல் பார்த்துக்கொள்வது. டெமோ காட்டிய கடையின் பெயரை டீலர் மெயிலில் பதிவு செய்துவிட்டால், 60 நாளுக்கு அந்தக் கடை அவருக்கே என்று வைத்துக்கொள்ளலாம். இது இருந்தாலே விலைவெட்டு பெருமளவு அடங்கும்.

சேர்க்கைக் கட்டணமும் ஆபத்துதான். ஆளைச் சேர்த்துப் பணம் பார்க்கும் திட்டங்களில் ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "டீலர்ஷிப்புக்கு 25,000 ரூபாய் கட்டுங்கள்" என்ற வரி வந்ததுமே, மற்ற வரிகள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், இதுவும் அந்த வகைதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பதிலை எப்படிப் படிப்பது?

"சரி சார், இன்ட்ரஸ்ட் இருக்கு" என்று ஒரே வரியில் வரும் பதிலை நம்பி வண்டி ஏற வேண்டாம். "நான் விட்டுவிட்டால் என் கஸ்டமர்களின் ரெனியூவல் என்ன ஆகும்?" "பையன் வேலையை விட்டு நின்றுவிட்டால் புது ஆளுக்கு மறுபடி பயிற்சி தருவீர்களா?" என்று கேட்பவர்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். அவருக்கு அன்றே பதில் போக வேண்டும். அந்தப் பதில் ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும். மெயிலில் ரெனியூவல் 1,200 ரூபாய் என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் "நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் தொகை" என்று இருந்தால், கணக்குப் போடத் தெரிந்த அந்த ஆள் கையெழுத்துப் போடமாட்டார்.