ஒரே 1.5 வோல்ட், பாதிக்கும் குறைவான ஆற்றல்

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. அதற்குத் தேவை ஏஏ மின்கலம். வீட்டில் இருப்பதோ மெலிந்த ஏஏஏ மட்டும். இரண்டிலும் 1.5 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஏஏஏ-யை ஏஏ அளவுக்குப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் உறையும் கடைகளில் கிடைக்கிறது. அதில் போட்டு மாட்டினால் கடிகாரம் ஓடும். ஆனால் ஏஏ ஓடும் காலத்தில் பாதிகூட ஓடாது.

வோல்ட் என்பது மின்கலத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. சாதாரண அல்கலைன் மின்கலத்தில் துத்தநாகமும் மாங்கனீசு டைஆக்சைடும் வினைபுரிகின்றன. 1.5 வோல்ட்டைத் தருவது அந்தச் சோடிதான். ஒரே உயரமுள்ள இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று அகலம், மற்றது ஒடுக்கம். இரண்டின் அடிக்குழாயிலும் நீரின் அழுத்தம் ஒன்றுதான். ஒடுக்கமானது சீக்கிரம் காலியாகும். மின்கலத்தில் 'தண்ணீர்' என்பது உள்ளே இருக்கும் வேதிப்பொருள். அது தீர்ந்தால் மின்சாரமும் தீர்ந்தது.

எவ்வளவு குறைவு? ஓர் அளவுகோலை எடுங்கள். ஏஏ மின்கலத்தின் விட்டம் ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர், நீளம் 50.5. ஏஏஏ மின்கலத்துக்கு 10.5, 44.5. நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏமாற்றுவது விட்டம்தான். உருளையின் கன அளவைக் காண ஆரத்தை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா? விட்டம் 28 விழுக்காடு குறைந்தாலே, குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. கணக்கிட்டால் ஏஏ 8.3 கன சென்டிமீட்டர்; ஏஏஏ 3.9 கன சென்டிமீட்டர்தான். அதாவது 46 விழுக்காடு.

இனி மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் மின்கலங்களின் உறையைப் படியுங்கள். ஏஏ-யில் 2000, ஏஏஏ-யில் 800 மில்லி ஆம்பியர் மணி என்று இருப்பது வழக்கம். இரண்டும் 1.2 வோல்ட். பெருக்கினால் 2.4 வாட் மணி, 0.96 வாட் மணி. இது 40 விழுக்காடுதான். மீதி 6 எங்கே போனது?

ஒரு பகுதி உலோகக் கூட்டிலும் மூடியிலும் போகிறது. மின்கலம் சிறியது என்பதற்காகக் கூட்டின் சுவரை அதே விகிதத்தில் மெல்லியதாக்க முடியாது. சுவர் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏஏ-யில் அது ஏறக்குறைய 7 விழுக்காடு இடத்தைப் பிடிக்கும், ஏஏஏ-யில் 9 விழுக்காட்டை. சிறிய வீட்டில் சுவர்களுக்கே அதிக இடம் போவது போலத்தான்.

இந்தக் கணக்கு கடிகாரம் போல மெதுவாக மின்சாரம் எடுக்கும் கருவிகளுக்கு நன்றாகப் பொருந்தும். மோட்டார் பொம்மைக் காரில் வேறு கதை. ஏஏஏ-யில் மின்வாய்களின் பரப்பு குறைவு, உள்மின்தடை அதிகம். மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது ஆற்றலில் ஒரு பங்கு மின்கலத்தையே சூடாக்கி வீணாகும். மின்னழுத்தமும் இறங்கி, உள்ளே வேதிப்பொருள் மிச்சமிருக்கும்போதே கார் நின்றுவிடும். அந்த மின்கலத்தை எறிந்துவிடாதீர்கள். அளவு பொருந்தினால், கடிகாரத்தில் அது இன்னும் சில வாரங்கள் ஓடக்கூடும்.